ஒரு கிலோ கடலை மாவுக்கு எத்தனை லட்டு, எத்தனை துண்டு பர்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிலோ கடலை மாவில் எத்தனை பூந்தி லட்டு வரும்?

இரண்டு கிலோ சர்க்கரை சேர்த்தால் 80 லட்டு, ஒவ்வொன்றும் 50 கிராம். 40 கிராமாகப் பிடித்தால் 100. சீர்த் தட்டில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று 80 கிராமில் பிடித்தால் 50தான்.

லட்டின் எடையைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில் பயனில்லை. "கிலோவுக்கு நூறு வரும்" என்று ஒருவரும் "அறுபதுதான் வந்தது" என்று இன்னொருவரும் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், கை அளவுதான் வேறு. அதனால் முதலில் மொத்தம் எத்தனை கிலோ லட்டு ஆகும் என்று பாருங்கள். அதை ஒரு லட்டின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். மேலே சொன்ன அளவில் மொத்தம் ஏறக்குறைய நான்கு கிலோ தேறும்.

மாவும் சர்க்கரையும் சேர்ந்தாலே மூன்று கிலோதானே? நான்காவது கிலோ எங்கிருந்து வருகிறது?

எண்ணெயிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகிறது.

ஒரு கிலோ மாவைக் கரைத்துப் பூந்தியாகத் தேய்த்து எடுத்தபின் நிறுத்துப் பாருங்கள், ஒன்றரைக் கிலோ இருக்கும். கரைக்க ஊற்றிய தண்ணீரில் பெரும்பகுதி எண்ணெயில் விழுந்ததும் ஆவியாகிவிடும். அந்த இடத்தில் எண்ணெய் போய் உட்காரும். லட்டுக்கான பூந்தியை மொறுமொறுப்பாக விடாமல் மெத்தென்று எடுப்பதால் கொஞ்சம் ஈரமும் தங்கும். கிலோ மாவு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் எண்ணெய் குடிப்பதாகவே என் கணக்கு.

அடுத்தது பாகு. இரண்டு கிலோ சர்க்கரையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒற்றைக் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சினாலும் தண்ணீர் முழுவதும் போய்விடாது. அந்தப் பதத்தில் பாகின் எடையில் கால் பங்கு இன்னும் தண்ணீர்தான். ஆகவே இரண்டு கிலோ சர்க்கரை 2.6 அல்லது 2.7 கிலோ பாகாக நிற்கிறது. பூந்தியோடு சேர்த்தால் 4.2 கிலோ. முந்திரியும் திராட்சையும் இன்னொரு 100, 150 கிராம். பாத்திரத்திலும் கரண்டியிலும் ஒட்டுவது, ஆறும்போது ஆவியாகப் போவது, உதிரும் தூள் என்று கால் கிலோ குறையும். நான்கு கிலோவை நம்பிக் கணக்குப் போடலாம்.

சமையல் குறிப்பில் மாவும் சர்க்கரையும் சம அளவு என்று இருக்கிறது. சமையல் மாஸ்டர் இரண்டு மடங்கு சர்க்கரை கேட்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டும் ஒன்றேதான். குறிப்பில் இருப்பது கப் அளவு, மாஸ்டர் சொல்வது எடை. 240 மில்லி கப்பில் சலித்த கடலை மாவு 100 கிராம்தான் பிடிக்கும். அதே கப்பில் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். ஒரு கப்புக்கு ஒரு கப் என்றால் எடையில் அது ஒன்றுக்கு இரண்டு.

இதைக் கவனிக்காமல் "சம அளவு" என்பதைத் தராசில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. ஒரு கிலோ மாவு, ஒரு கிலோ சர்க்கரை. பூந்தி ஒன்றரைக் கிலோ, பாகு 1.3 கிலோ, மொத்தமே 2.8 கிலோ. 50 கிராம் லட்டு 55 வருவதே பெரிது, அதையும் பிடிக்க முடியாது. பூந்தியைச் சுற்றிப் பாகு போதாததால் உருண்டை கையிலேயே பிரியும்.

இனிப்பு கொஞ்சம் குறைவாக வேண்டுமென்றால் கிலோ மாவுக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை வரை இறங்கலாம். அப்போது மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தேறும், 50 கிராமில் 68 லட்டு. சர்க்கரையைக் குறைத்தால் எண்ணிக்கையும் குறைகிறது என்பதை ஆர்டர் எடுக்கிறவர்கள் விலை சொல்லும் முன்பே யோசிக்க வேண்டும்.

அக்கா, வளைகாப்புக்கு 200 லட்டு வேண்டும். என்னென்ன எவ்வளவு வாங்குவது?

50 கிராம் லட்டு என்று வைத்துக்கொள்வோம். 200 கேட்டால் 210 பிடிப்பதாகக் கணக்குப் போடுங்கள். சாமி முன் வைக்க, உடைந்ததை மாற்ற, வீட்டுக் குழந்தைகள் கேட்டால் கொடுக்க அந்தப் பத்து வேண்டும். 210 லட்டு பத்தரைக் கிலோ. கிலோ மாவுக்கு நான்கு கிலோ என்றால் 2.6 கிலோ மாவு போதும். நான் 2.75 கிலோவாக வாங்குவேன். எண்ணெய்ச் சூடு பிடிபடும்வரை முதல் இரண்டு கரண்டிப் பூந்தி சரியாக வருவதில்லை, அதற்குத்தான் அந்தக் கூடுதல்.

சர்க்கரை ஐந்தரைக் கிலோ, பாகுக்குத் தண்ணீர் அதில் பாதி, அதாவது 2.75 லிட்டர். மாவு குடிக்கும் எண்ணெய் ஒன்றேகால் கிலோ போக, கடைசி ஈடு வரை வாணலியில் பூந்தி மிதக்க எண்ணெய் வேண்டும். அதனால் மூன்றரை லிட்டர் வாங்கினால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முந்திரி 200, திராட்சை 150 கிராம் தாராளம்.

இதை ஒரே பாத்திரத்தில் போட வேண்டாம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாகு காய்ச்சுங்கள். நான்கு கிலோவைச் சூடு ஆறுவதற்குள் இரண்டு பேர் பிடித்துவிடலாம். பதினொரு கிலோவை ஒன்றாகக் கலந்தால் பாதி முடிவதற்குள் மீதி இறுகிவிடும். இறுகியது உருண்டைக்கு வராது, உதிரிப் பூந்தியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் மாவு சரியாகவே இருந்தும் எண்ணிக்கை விழும்.

கணக்குப்படியே வாங்கினோம், பாகும் சரியாக வந்தது. ஆனாலும் 30 லட்டு குறைந்துவிட்டது. ஏன்?

பிடிக்கும்போது லட்டு பெரிதாகியிருக்கும். பெரும்பாலும் காரணம் இதுதான்.

உருண்டை விஷயத்தில் கண் நம்மை ஏமாற்றிவிடும். நான்கு செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையை நான்கரை ஆக்கினால் பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதற்குள் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல் பொருள் போய்விடுகிறது. ஐந்து செ.மீ. ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிடிக்க ஆரம்பிக்கும்போது கை சுடுவதால் சின்னதாக எடுப்போம். ஆற ஆற அள்ளுவது கூடிக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்தில் 50 கிராம் 60 ஆவது சாதாரணம்.

எங்கள் வீட்டில் ஒரு விசேஷத்துக்கு 200 லட்டு என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். கையில் இருந்தது சரியாகப் பத்துக் கிலோ. எல்லாம் பிடித்து முடித்து எண்ணினால் 172. ஒன்றை எடுத்து நிறுத்தினேன், 58 கிராம். பத்தாயிரத்தை 58-ஆல் வகுத்தால் அந்த 172 அப்படியே வருகிறது. ஒரு லட்டுக்கு எட்டு கிராம் கூடியதில் 28 பேருக்குத் தாம்பூலப் பையில் லட்டு இல்லாமல் போனது. அன்றைக்குப் பட்ட சங்கடத்துக்குப் பிறகு தராசு பக்கத்தில் இல்லாமல் நான் லட்டு பிடிக்க உட்காருவதில்லை.

முதல் லட்டை நிறுத்து, 50 கிராமுக்குச் சரிசெய்து, மாதிரியாக ஆளுக்கொன்று எதிரில் வைத்துவிடுங்கள். பத்து லட்டுக்கு ஒருமுறை ஒன்றைத் தராசில் போடுங்கள். இன்னும் சுலபம், 50 கிராம் பூந்தி பிடிக்கும் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கண்டுபிடித்து அதில் அள்ளிப் பிடிப்பது. பிடிக்கும் அழுத்தமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே அளவாகத் தெரியும் லட்டு, இறுக்கிப் பிடிப்பவர் கையில் 50 கிராமும் லேசாகப் பிடிப்பவர் கையில் 43 கிராமும் இருக்கலாம். மாதிரியைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

பாகுப் பதம் தவறினால் எண்ணிக்கையும் மாறுமா?

மாறும். இரண்டு பக்கமும் மாறும்.

பாகு முற்றிப்போனால் பூந்தியின் மேல் சர்க்கரை வெள்ளையாகப் பூத்துக் காய்ந்துவிடும். தண்ணீர் அதிகமாக ஆவியானதால் மொத்த எடையும் குறைவு, உருண்டையும் பிடிபடாது. அடுப்பில் வைத்து இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்துக் கிளறினால் ஓரளவு மீட்கலாம்.

பதத்துக்கு முன்பே இறக்கிவிட்டால் எடை கூடும், எண்ணிக்கையும் நான்கைந்து கூடும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம், அது வெறும் தண்ணீர். அந்த லட்டு தட்டில் வைத்ததும் அடிப்பக்கம் தட்டையாகும், இரண்டு மூன்று நாளில் வாடை வந்துவிடும்.

பூந்தியை அதிகமாக முறுகவிட்டாலும் கணக்கு கெடும், ஏனென்றால் முறுகிய பூந்தி பாகை உள்ளே இழுக்காது. கலந்து பத்து நிமிடம் கழித்தும் பாத்திரத்தின் அடியில் பாகு தேங்கி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. நல்ல பூந்தியை விரல்களுக்கிடையில் நசுக்கினால் நசுங்க வேண்டும், நொறுங்கக் கூடாது.

திருப்பதி லட்டு இந்தக் கணக்குக்குள் வருமா?

வருகிறது. கொஞ்சம் தாண்டியும் போகிறது.

அங்கே பொருள்களின் அளவுப் பட்டியலைத் திட்டம் என்கிறார்கள். நாளிதழ்களில் வெளியான பட்டியல்களில் ஒன்றின்படி 5,100 லட்டுக்குக் கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, நெய் 165 கிலோ. முந்திரி, திராட்சை, கல்கண்டு, ஏலக்காய் எல்லாம் சேர்த்து மொத்தம் 803 கிலோ. சிறிய லட்டின் எடை 175 கிராம் என்று வைத்தால் 5,100 லட்டு 892 கிலோ ஆகும். உள்ளே போன பொருளைவிட வெளியே வந்த எடை கிட்டத்தட்ட 90 கிலோ கூடுதல். அது பாகில் தங்கிய தண்ணீர், நாம் மேலே பார்த்த அதே தண்ணீர்.

நம் அளவுக்குச் சுருக்கினால் ஒரு கிலோ மாவில் ஏறத்தாழ ஐந்து கிலோ லட்டு. நமக்கு நான்குதான். அங்கே சர்க்கரை இரண்டு மடங்குக்கும் மேல், நெய் மாவின் எடைக்குக் கொஞ்சமே குறைவு, முந்திரி முதலியவை கிலோ மாவுக்கு 300 கிராமுக்கு மேல். அந்த ஒரு கிலோ வித்தியாசம் இவற்றால் வருவதுதான்.

நெய்யில் மாவை வறுத்து, பொடித்த சர்க்கரை சேர்த்துப் பிடிக்கும் லட்டுக்கும் இதே கணக்கா?

இல்லை, இது இன்னும் எளிது. இதில் பாகு கிடையாது, தண்ணீரும் கிடையாது. போட்டதைக் கூட்டினால் போதும். அரை கிலோ மாவு, கால் கிலோ நெய், 400 கிராம் பொடித்த சர்க்கரை, மொத்தம் 1,150 கிராம். வறுக்கும்போது மாவில் இருக்கும் ஈரம் 30, 40 கிராம் போகும். வாணலியில் ஒட்டுவதும் போகக் கையில் 1,100 கிராம். இந்த லட்டு நெய் நிறைந்தது, 40 கிராமே ஒரு ஆளுக்குப் போதும். அந்த அளவில் 27 வரும், 30 கிராமில் 36.

மாவு சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டினால் கலவை இளகிப்போய்ப் பிடிக்க வராது. அப்போது பலரும் இன்னும் கொஞ்சம் மாவு வறுத்துச் சேர்க்கிறார்கள், எண்ணிக்கை எகிறிச் சுவை போய்விடுகிறது. ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் நெய் இறுகித் தானாகப் பிடிபடும்.

அரை கிலோ கடலை மாவு, அரை கிலோ சர்க்கரை. பர்பி எத்தனை துண்டு போடலாம்?

நெய் 300 கிராம் என்று கொண்டால் 25 கிராம் துண்டு 50, ஒன்றிரண்டு கூடலாம்.

பர்பியில் ஒரு வசதி உண்டு. மாவு வறுபடும்போது போகும் ஈரமும் பாத்திரத்தில் ஒட்டிப்போவதும் சேர்ந்து 60, 70 கிராம் இழப்பு. பாகில் தங்கும் தண்ணீர் ஏறக்குறைய அதை ஈடுகட்டிவிடும். ஆகவே மாவு, சர்க்கரை, நெய் மூன்றின் எடையைக் கூட்டினாலே பர்பியின் எடை, இங்கே 1,300 கிராம்.

ஆனால் பர்பியை யாரும் எடை போட்டுத் துண்டு போடுவதில்லை, தட்டில் கோடு போட்டுத்தான் வெட்டுகிறோம். அதனால் இங்கே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தட்டின் அளவு. கெட்டியாக வந்த கடலை மாவு பர்பி ஒரு கன செ.மீ.க்கு ஒரு கிராமைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்கும். 1,300 கிராம் கலவையை 25-க்கு 25 செ.மீ. சதுரத் தட்டில் கொட்டினால் உயரம் இரண்டு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். பார்க்க லட்சணமான உயரம் அது. மூன்றரை செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் ஏழு, அகலவாக்கில் ஏழு, மொத்தம் 49 துண்டு. ஒவ்வொன்றும் 26 கிராம்.

அதே கலவையைப் பெரிய தட்டில் பரப்பினால் துண்டு கூடும், உயரம் குறையும். ஒரு செ.மீ.க்குக் கீழே போனால் எடுக்கும்போது முனை உடைகிறது. துண்டு கூட்ட வேண்டுமென்றால் உயரத்தைத் தொடாதீர்கள், மூன்றரையை மூன்று செ.மீ. ஆக்குங்கள். 64 துண்டு வரும், துண்டுக்கு 20 கிராம்.

எங்களிடம் வட்டத் தாம்பாளம்தான் இருக்கிறது. அதுவும் டைமண்ட் வடிவத்தில் வெட்டத்தான் பிடிக்கும். எவ்வளவு குறையும்?

நிறையவே குறையும். 28 செ.மீ. தாம்பாளத்தின் பரப்பு, மேலே சொன்ன சதுரத் தட்டின் பரப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் மூன்றரை செ.மீ. சதுரங்களாக வெட்டினால் முழுத் துண்டு 37தான் கிடைக்கும். மீதியெல்லாம் ஓரத்தில் வளைந்த துண்டுகள்.

சதுரத் தட்டிலேயே சாய்வாக வெட்டினாலும் நான்கு ஓரங்களிலும் முக்கோணங்கள் விழும். 49 என்று நினைத்தது 40 முழுத் துண்டும் இருபது அரைத் துண்டுமாக நிற்கும். வீட்டுக்கு என்றால் கவலையில்லை, ஓரத் துண்டுக்குத்தான் போட்டியே நடக்கும். எண்ணிக் கொடுக்க வேண்டிய இடத்தில் சதுரமாகவே வெட்டுங்கள். டைமண்டுதான் வேண்டுமென்றால் கலவையைக் கால் பங்கு கூட்டி, அதற்கேற்ற பெரிய தட்டில் ஊற்றுங்கள்.

மைசூர்பாகுக்கு?

ஒரு கப் மாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய் என்ற பழைய அளவை எடைக்கு மாற்றினால் 250 கிராம் மாவுக்கு ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு கிலோ நெய்யும் ஆகிறது. வெளியே வடியும் நெய்யைக் கழித்தால் இரண்டு கிலோ தேறும், 40 கிராம் துண்டு 50. கால் கிலோ மாவில் இத்தனை வருவது மாவால் அல்ல என்பது இங்கே நன்றாகத் தெரியும். நெய்யைக் குறைத்துச் செய்கிறவர்கள் குறைத்த எடையை அப்படியே கழித்துக்கொள்ளவும். நல்ல மைசூர்பாகு உள்ளே கண்ணறை விட்டு உப்பி நிற்பதால் பர்பிக்குச் சொன்ன தட்டுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இறக்கியதும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் கால் கிலோ மாவுதான் இருக்கிறது. பிள்ளையாருக்கு 21 லட்டு வைக்க வேண்டும். போதுமா?

போதும். அரை கிலோ சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி ஒரு கிலோ வர வேண்டும். கொஞ்சமாகச் செய்யும்போது பாத்திரத்தில் ஒட்டும் பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் 950 கிராம் என்று வைப்போம். 45 கிராமாகப் பிடித்தால் சரியாக 21. பிடிக்க ஆரம்பிக்கும் முன் கலவையைத் தட்டில் கொட்டி மூன்று பாகமாக்கி, ஒவ்வொரு பாகத்திலும் ஏழு எடுங்கள்.